காய்ச்சல் நின்றுவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 41. நாலு மாடு, பதினைந்து வெள்ளாடு வைத்திருக்கிறோம். சித்திரையிலிருந்து அவருக்குக் காய்ச்சல் பத்துப் பதினைந்து நாள் இருக்கிறது, போகிறது, திரும்ப வருகிறது. ராத்திரி பாய் நனைகிற அளவு வேர்வை. இடுப்புக்குக் கீழே வலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இரண்டு தடவை டைபாய்டு என்று ஊசி போட்டார்கள், சரியாகித் திரும்ப வந்தது. இப்போது புரூசெல்லா 1:320 என்று ரிப்போர்ட் வந்து, ஆறு வாரத்துக்கு இரண்டு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பத்து நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்துக்கடையில் "இதில் ஒன்று டிபி மாத்திரை" என்கிறார்கள், சிறுநீரும் சிவப்பாகப் போகிறது. மாமியார் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா? மாசியில் ஒரு மாடு ஏழு மாதத்தில் கன்று வீசியது, இளங்கொடி விழாததால் இவர்தான் கையை விட்டு எடுத்தார். ஆட்டுப்பாலைக் கறந்த சூட்டோடு குடிப்பார், ஆறு வயது மகளுக்கும் சளிக்கு என்று கொடுத்திருக்கிறார். எங்களுக்கும் வந்துவிடுமா?

பதில்: நிறுத்த வேண்டாம்.

காய்ச்சல் விட்டது சந்தோஷம்தான். ஆனால் இந்த நோயில் காய்ச்சல் விடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, அதற்கான ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டைபாய்டு ஊசி போட்ட இரண்டு தடவையும் "சரியாகி" விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாகவில்லை அம்மா, ஓய்ந்தது. ஆடு மாடுகளிடமிருந்து வருகிற இந்தப் புரூசெல்லா காய்ச்சலுக்கு அலைக் காய்ச்சல் என்றே ஒரு பழைய பெயர் உண்டு. சாயங்காலச் சூடு நாளுக்கு நாள் ஏறி, சில நாள் உச்சத்தில் நின்று, அப்புறம் மெல்ல இறங்கி, மருந்தே கொடுக்காவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாள் ஆளை விட்டுவிடும். அந்த இறக்கமும் நாங்கள் போட்ட ஊசி முடிகிற நாளும் ஒத்துப்போனால், மருந்து கேட்டது என்று டாக்டரும் நம்புவார், வீட்டுக்காரர்களும் நம்புவார்கள். தொடக்கத்தில் தப்பான மருந்தைச் சரியான மருந்தாகக் காட்டுவதும் இந்த அலைதான், பிற்பாடு சரியான மருந்தைப் பாதியில் நிறுத்த வைப்பதும் இதே அலைதான்.

நான் இதை என் கைத்தவறில்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கீதாரி வந்தார், ராமநாதபுரம் பக்கத்து ஆள், அறுவடை முடிந்ததும் செம்மறிக் கிடையோடு தஞ்சாவூர்ப் பக்கம் நடக்கிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். பதினைந்து நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. விடால் பரிசோதனையில் லேசாக ஏறியிருந்தது, டைபாய்டு என்று முடிவு கட்டி பத்து நாள் செஃப்ட்ரியாக்சோன் போட்டேன். எட்டாம் நாள் காய்ச்சல் நின்றது, எனக்கும் பெருமை. மூன்று வாரத்தில் திரும்ப வந்தார். மறுபடி விடால், மறுபடி அதே மாதிரி லேசான ஏற்றம், மறுபடி ஊசி. நம் ஊரில் பெரியவர்கள் பலருக்கும் விடாலில் கொஞ்சம் ஏற்றம் எப்போதுமே இருக்கும், ஒரே ஒரு தடவை பார்த்த விடாலுக்குப் பெரிய மதிப்பில்லை என்பது புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் வரிசையில் நாற்பது பேர் நிற்கிறபோது கை அதைத்தான் எழுதுகிறது.

மூன்றாவது தடவை அவர் மனைவியும் கூட வந்திருந்தார். "ராத்திரி வேர்த்தால் ஒரு மாதிரி ஈரவைக்கோல் நாத்தம் அடிக்குது சார், பக்கத்துல படுக்க முடியல" என்றார். பூசணம் பிடித்த வைக்கோல் வாடை. எல்லாருக்கும் வராது, ஆனால் வந்தால் மறக்க முடியாத வாடை. அப்போதுதான் ஆடுகளைப் பற்றி விசாரித்தேன். அந்த வருஷம் நிறையக் குட்டி வீசியிருந்தன, ஒவ்வொன்றையும் அவர்தான் கையால் எடுத்துப் போட்டிருந்தார். ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினேன், ஆறாம் நாள் ஆய்வகத்திலிருந்து போன், பாராட்ட இல்லை, திட்ட. புரூசெல்லா சந்தேகம் என்று சீட்டில் நான் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. இந்தக் கிருமி வளர்ந்த தட்டைத் திறந்த மேஜையில் வைத்து வேலை பார்த்தால் மூச்சோடு உள்ளே போய்விடும், ஆய்வகங்களில் தொற்றிக்கொள்கிற கிருமிகளில் பேர்போனது. என்னால் இரண்டு டெக்னீசியன்கள் மூன்று வாரம் தடுப்பு மாத்திரை சாப்பிட்டார்கள். இன்றைக்கும் கல்ச்சர் சீட்டு எழுதும்போது அந்த போன் ஞாபகம் வரும்.

கதை அதோடு முடியவில்லை. சரியான மருந்தைத் தொடங்கினேன், ஒரு வாரத்தில் காய்ச்சல் நின்றது, இருபதாம் நாள் கிடை மாற்ற வேண்டும் என்று கிளம்பிப் போனவர் மாத்திரையையும் அதோடு விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இடுப்பு முதுகெலும்பில் நாலாவதும் ஐந்தாவதும் சேருகிற இடத்தில் கிருமி உட்கார்ந்திருந்தது. ஆறு வாரத்தில் முடிய வேண்டியது, மூன்று வார ஊசியும் மூன்று மாத மாத்திரையுமாக ஆயிற்று. நடந்துதான் போனார், ஆனால் அந்த வருஷக் கிடை அவருக்கு இல்லை.

சரி, ஏன் இத்தனை நாள், ஏன் இரண்டு மருந்து? சாதாரணக் கிருமி ரத்தத்திலும் சதையிலும் வெளியே திரியும், மருந்து போய் அடிக்கும், உடம்பின் வெள்ளணுக்கள் மிச்சத்தை விழுங்கும், ஏழு நாள் பத்து நாளில் ஆட்டம் முடியும். புரூசெல்லா அந்த வெள்ளணுக்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்து பெருகுகிறது. திருடன் போலீஸ் ஸ்டேஷன் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி. அந்தச் செல்களோடு சேர்ந்து மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, மூட்டு என்று உடம்பு முழுக்கப் போகும். செல்லுக்குள் நுழைந்து வேலை செய்கிற மருந்து வேண்டும், ஒன்று மட்டும் கொடுத்தால் கொஞ்சம் தப்பிக்கும், அதனால் இரண்டு, அதுவும் அந்தச் செல்களில் பதுங்கியது எல்லாம் ஒழிகிற வரைக்கும். முழு ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிலேயே நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினைந்து பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் நிறுத்தி ஆறு மாதத்துக்குள். பத்து நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கீதாரி காட்டிவிட்டார்.

உங்கள் கணவருக்குக் கொடுத்திருப்பது டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்று நினைக்கிறேன், சிறுநீர் நிறத்தை வைத்துச் சொல்கிறேன். டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலையும் இரவும், ரிஃபாம்பிசின் 600 மி.கி. முதல் 900 மி.கி. வரை எடையைப் பொறுத்து காலையில் வெறும் வயிற்றில். இதுதான் வழக்கமான அளவு, உங்கள் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, ரிஃபாம்பிசின் டிபிக்கும் கொடுக்கிற மருந்துதான். அதனால் அவருக்கு டிபி என்று ஆகிவிடாது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மாத்திரையின் சாயம், ரத்தமில்லை. வேர்வை, கண்ணீர்கூட அந்த நிறம் காட்டும், வெள்ளைப் பனியன் கறைபடும். பயப்பட வேண்டியது வேறு: கண் மஞ்சளாவது, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுவது, மேல்வயிற்றில் வலி. அப்படி இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், கல்லீரல் பார்க்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டாவது வாரம் ஒரு தடவை கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. சர்க்கரை மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ சாப்பிடுகிறாரா? ரிஃபாம்பிசின் அவற்றின் வேலையைக் குறைத்துவிடும், டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

டாக்சிசைக்ளினுக்கு ஒரு பழக்கம் உண்டு, தொண்டையில் நின்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இரவு மாத்திரையைப் போட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால், மறுநாள் நெஞ்சு எரிகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்பார். "மருந்து சூடு" என்று நிறுத்துகிறவர்கள் பாதிப் பேர் இதனால்தான். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, சாப்பிட்ட பின், உட்கார்ந்தபடி போட்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருந்தால் போதும். பாலோடு வேண்டாம், இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் டானிக் ஆகியவற்றோடும் வேண்டாம், இரண்டு மணி நேரம் தள்ளிப் போடட்டும். வெயிலில் தோல் சீக்கிரம் கறுத்து எரியும், மாடு மேய்க்கப் போனால் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.

இனி நான் உண்மையில் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். அந்த இடுப்பு வலி. ஆறு வாரம் என்பது முதுகெலும்பு பிடிபடாதவர்களுக்கான கணக்கு. முதுகெலும்பில் கிருமி இருந்தால் குறைந்தது பன்னிரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேலே, கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் அல்லது ஜென்டாமைசின் ஊசியும். இடுப்புக்குக் கீழே, பிட்டத்துக்கு மேலே இரண்டு பக்கமும் குழி விழுகிற இடம் இருக்கிறதல்லவா, அங்கே இருக்கிற மூட்டைத்தான் இந்தக் கிருமி நாற்பது வயதுக்காரர்களிடம் அடிக்கடி பிடிக்கும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, படுக்கையில் புரண்டால் வலி என்று வருவார்கள். அது மட்டும் என்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குச் சற்று மேலே முதுகெலும்பின் நடுவில், ஒவ்வொரு கணுவாக விரலால் தட்டும்போது ஒரே இடத்தில் துள்ளுகிற வலி இருந்தால் விஷயம் வேறு. எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்ததாக எதுவும் இல்லை. அடுத்த தடவை போகும்போது இதைக் கேளுங்கள், "ஆறு வாரம் போதுமா, பன்னிரண்டா" என்பது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும். கால் மரத்துப் போவது, நடக்கும்போது கால் இழுப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது என்று எதுவாவது வந்தால் அடுத்த தடவை வரை காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. கேட்பதற்கு இன்னொரு காரணம் டிபி. முதுகெலும்பு டிபியும் புரூசெல்லாவும் நம் ஊரில் ஒன்றைப் போல இன்னொன்று நடிக்கும். இரண்டிலும் சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை இளைப்பு, முதுகுவலி. ஆனால் டிபி பெரும்பாலும் முதுகின் நடுப்பகுதியைப் பிடித்து எலும்பையே நொறுக்கிக் கூன் விழ வைக்கும், பக்கத்தில் சீழ்ப்பை பெரிதாகக் கட்டும். புரூசெல்லா இடுப்புப் பகுதியை விரும்பும், எலும்பின் ஓரத்தைக் கொறிக்கும், உருவம் பெரும்பாலும் குலையாது. எப்போதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, சில சமயம் எலும்பிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்த்துத்தான் தீர்மானிப்போம். ஏன் இத்தனை கவனம் என்றால், உண்மையில் இருப்பது டிபி என்றால், டிபிக்கான மற்ற மருந்துகள் இல்லாமல் ரிஃபாம்பிசின் ஒன்றை மட்டும் ஆறு வாரம் கொடுப்பது அந்த டிபிக் கிருமிக்கு மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுப்பது போல. அவருடைய ரிப்போர்ட் 1:320, பொதுவாக 1:160க்கு மேலே போனாலே, கூடவே காய்ச்சலும் கால்நடைத் தொடர்பும் இருந்தால், புரூசெல்லா என்று எடுத்துக்கொள்வோம், அதனால் நோய் கண்டுபிடிப்பில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

அந்த 320 என்கிற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து நாளைக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு ஓடி "இன்னும் குறையவில்லையே" என்று பதற வேண்டாம். அது கிருமியின் எண்ணிக்கை இல்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளின் அளவு. நன்றாகக் குணமானவருக்கும் பல மாதம் இருக்கும், மெல்லத்தான் இறங்கும். அதைவிட ஒரு நாற்பது பக்க நோட்டும் தெர்மாமீட்டரும் உபயோகம். தினமும் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஒரு தடவை பார்த்து எழுதுங்கள், காலையில் பார்த்தால் பொய் சொல்லும். மருந்து முடிந்த பின்னும் ஆறு மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எழுதுங்கள். தொடர்ந்து நாலு நாள் மாலையில் 100 டிகிரியைத் தாண்டினால் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். திரும்ப வந்தாலும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் அதே மருந்துகள்தான் மறுபடி வேலை செய்யும், நாள்தான் கூடும்.

ஒன்றை நீங்கள் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், என்னிடம் ஆண்கள் மூன்றாவது தடவை வரும்போதுதான் சொல்வார்கள். விதைப்பையில் ஒரு பக்கம் வீக்கமோ வலியோ இருக்கிறதா? அடிபட்டது என்று நினைத்து மறைத்திருப்பார். இந்தக் கிருமி அங்கேயும் போகும். இருந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அதே போல மேல்மூச்சு வாங்குவது, கால் வீக்கம் இருந்தால் இதயத்துக்கு ஒரு எக்கோ. இதய வால்வில் போவது அபூர்வம், ஆனால் இந்த நோயில் உயிர் போவதென்றால் பெரும்பாலும் அதனால்தான்.

எங்கிருந்து வந்தது என்றால், நான் பாலை இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் சந்தேகம் மாசி மாதத்து மாடு. ஏழாவது மாதத்தில் கன்று வீசியது, இளங்கொடி விழவில்லை. கால்நடை டாக்டரிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவர் வாயில் முதலில் வருகிற பெயர்களில் புரூசெல்லாவும் ஒன்று. கன்று வீச்சு நோய் என்றே நம் பக்கம் அதற்குப் பெயர். வீசின கன்றிலும் கொடியிலும் அந்தத் தண்ணீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். மாட்டுக்காரர் கையில் எப்போதும் ஒரு கீறல் உண்டு, அரிவாள் பட்டதோ முள் கிழித்ததோ. தோள்வரை கையை விட்டுக் கொடியைப் பிய்த்து எடுக்கும்போது அந்தக் கீறல் வழியாகவும், முகத்தில் தெறித்தால் கண் வழியாகவும் உள்ளே போகும். தொற்றிய பிறகு பொதுவாக ஒன்றிலிருந்து நாலு வாரத்தில் காய்ச்சல் தொடங்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். மாசியில் கை விட்டு, சித்திரையில் காய்ச்சல். கணக்கு ஒத்து வருகிறது.

அதற்காக ஆட்டுப்பாலை விட்டுவிடவில்லை. "ஆடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நீங்கள் கேட்கலாம், அதே கேள்வியால்தான் மால்டா தீவில் பதினெட்டு வருஷம் போயிற்று. அங்கே இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இதே அலைக் காய்ச்சலில் விழுந்தார்கள். டேவிட் புரூஸ் என்ற ராணுவ டாக்டர் 1887இல் இறந்த சிப்பாயின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தார், அவர் பெயர்தான் கிருமிக்கு. எப்படித் தொற்றுகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. ஆடுகள் வீட்டு வாசலுக்கே வந்து கறந்து கொடுத்துவிட்டுப் போகும், கொழுகொழு என்று இருக்கும், யாருக்குத் தோன்றும்? 1905இல்தான் தெமிஸ்டாக்கிளிஸ் சமித் என்ற மால்டா டாக்டர் அந்த ஆடுகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார், நோயே தெரியாத ஆடுகளில் பாதிக்குத் தொற்று இருந்தது, பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை விட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் ராணுவத்துக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், சிப்பாய்களிடம் காய்ச்சல் சரசரவென்று இறங்கியது. ஊர் ஜனங்கள் தொடர்ந்து குடித்தார்கள், அவர்களுக்குத் தொடர்ந்து வந்தது.

நம் வீடுகளில் பாலைப் பொங்கக் காய்ச்சுகிற வழக்கம் நம்மைப் பெரிய அளவில் காப்பாற்றி வருகிறது. ஒரு கொதி வந்தாலே இந்தக் கிருமி செத்துவிடும், பண்ணைகளில் 72 டிகிரி செல்சியஸில் பதினைந்து விநாடி வைத்தே கொல்கிறார்கள். காய்ச்சின பாலில் உறை ஊற்றின தயிர், மோர், டீ எதிலும் பயமில்லை. சீம்பாலையும் நன்றாக வேக வைத்தால் சரி. வழுக்குகிற இடங்கள் சில்லறை: கறக்கும்போது நுரையோடு ஒரு டம்ளர், பிள்ளைச் சளிக்குப் பச்சை ஆட்டுப்பால், அபிஷேகம் செய்த பச்சைப்பாலைத் தீர்த்தமாகக் குடிப்பது. கடைசியைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்து நீங்களும் குழந்தையும். அவரிடமிருந்து உங்களுக்கு, ஒரே தட்டில் சாப்பிட்டதாலோ பக்கத்தில் படுத்ததாலோ வராது, மனிதருக்கு மனிதர் தொற்றுவது ரொம்ப அபூர்வம். தாம்பத்தியத்தில் தொற்றியதாக எப்போதாவது பதிவுகள் உண்டு, மருந்து முடியும் வரை ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள், ரத்த தானம் வேண்டாம். அவரைத் தனி அறையில் வைக்க வேண்டாம், அவர் துணியைத் தனியாகத் துவைக்கவும் வேண்டாம். ஆனால் அவருக்கு எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே உங்களுக்கும் வந்திருக்கலாம். அன்றைக்குத் தொழுவத்தைக் கழுவினது யார்? கழுவினவருக்கும், மகளுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். குழந்தைகளுக்குச் சில சமயம் காய்ச்சல் பெரிதாகத் தெரியாது, ஒரு முழங்காலோ இடுப்போ வலித்து நொண்டுவார்கள், சாப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான். பரிசோதனையில் ஒன்றும் இல்லாமல், குழந்தையும் துள்ளி விளையாடினால் மருந்து வேண்டாம். இருந்தால், அப்பாவின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். எட்டு வயதுக்குள் இத்தனை வாரம் டாக்சிசைக்ளின் பொதுவாகக் கொடுப்பதில்லை, பல்லில் கறை ஏறும். கோட்ரைமாக்சசோலும் ரிஃபாம்பிசினும் எடைக்கு ஏற்ற அளவில் ஆறு வாரம் கொடுப்பார்கள். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள், மருந்தே மாறும், புரூசெல்லா கருச்சிதைவையும் கொண்டுவரும்.

மாட்டை என்ன செய்வது? இது எனக்குப் பிடிக்காத பதில், ஆனாலும் சொல்கிறேன். மாட்டுக்கு இதைக் குணப்படுத்துகிற மருந்து நடைமுறையில் இல்லை. பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும், அடுத்த சினையில் நல்ல கன்று போடும், பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது, ஆனால் ஒவ்வொரு ஈற்றிலும் பாலிலும் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லி எல்லா மாடு, ஆட்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். தொற்று இருக்கிற மாட்டைச் சந்தையில் தள்ளிவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் கைக்குப் போகும். வாங்கின ஆடு எதுவும் நேராகப் பட்டிக்குள் போகாமல் தனியாகக் கொஞ்ச நாள் நிற்கட்டும். தொற்று உள்ள மாடு கன்று போடுகிற நேரத்தில் மற்றவற்றிலிருந்து ஒதுக்கிக் கட்டுங்கள், கொடி விழாவிட்டால் கையை விடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், வேறு வழியே இல்லையென்றால் தோள்வரை வரும் பிளாஸ்டிக் கையுறை, முகத்துக்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. பால் பெருகும் என்று இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுகிற வழக்கம் உங்கள் பக்கம் இருக்கிறதா தெரியாது, எங்கள் ஊரில் உண்டு, காக்கை கொத்தும், நாய் இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் போகும். வீசின கன்றையும் கொடியையும் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்து, அந்த இடத்து வைக்கோலை எரித்துவிடுங்கள்.

கிடேரிக் கன்று இருந்தால் நாலிலிருந்து எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒரு தடுப்பூசி, ஆயுசுக்கும் அதுதான். மத்திய அரசின் திட்டத்தில் 2019இலிருந்து இலவசமாகப் போடுகிறார்கள், அந்த வயது தாண்டினால் போட முடியாது, அதனால் மருந்தகத்தில் கன்றின் வயதைச் சொல்லி முன்பே பெயர் கொடுங்கள். சினை மாட்டுக்கும் காளைக் கன்றுக்கும் அது கிடையாது. ஊசி போடும்போது கன்றைப் பிடித்துக்கொள்ள உங்கள் கணவரைக் கூப்பிடுவார்கள், இந்தத் தடவை வேறு யாராவது பிடிக்கட்டும். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி, கன்று துள்ளி ஊசி கையில் ஏறினால் அதிலிருந்தே நோய் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு அந்த ரிப்போர்ட்டில் கடைசியாக "முடிவு" என்று இருக்கிற வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள், கூடவே மாலைச் சூட்டு நோட்டின் முதல் இரண்டு வாரத்தையும். அதுவரை இரவு மாத்திரைக்குப் பெரிய டம்ளர்.